வேலையிலிருந்து நீக்கப்பட்டேன்: 'விலகிய காரணம்' என்ற கட்டத்தில் யாரையும் குறை சொல்லாமல் என்ன எழுதுவது?

நீலவானம்

ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் 14 மாதம் வேலை பார்த்தேன். சப்ளையர்களின் பில்களைப் பதிவதும், மாத இறுதிக் கணக்கை முடித்துக் கொடுப்பதும் என் வேலை. மூன்று மாதம் தொடர்ந்து கணக்கு தாமதமானது. இரண்டு முறை எழுத்தில் எச்சரித்தார்கள், அப்புறம் வேலையிலிருந்து நீக்கினார்கள். இது நடந்து ஐந்து மாதமாகிறது.

இப்போது அதே மாதிரி ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். படிவத்தில் 'முந்தைய பணியிலிருந்து விலகிய காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதலில் ஒரு பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பதவி விலகல், ஆட்குறைப்பு, ஒப்பந்தம் முடிவு, பணிநீக்கம், மற்றவை. அதன் கீழே 500 எழுத்துகளில் விளக்கம் எழுத வேண்டும். நான் எழுதியது இது:

"14 மாதங்கள் நேர்மையாக உழைத்தேன். திடீரென்று புதிய மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அதற்கு அரை நாள் பயிற்சி கூட முழுமையாகத் தரவில்லை. உடன் வேலை பார்த்தவர் விலகியதால் அவருடைய வேலையும் என் மேல் விழுந்தது. மேலாளரிடம் பலமுறை சொல்லியும் பயனில்லை. கடைசியில் வேகம் போதவில்லை என்று காரணம் காட்டி என்னை நீக்கிவிட்டார்கள்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படித்துப் பார்த்தால் புகார் மாதிரி இருக்கிறது. யாரையும் குறை சொல்லாமல், அதே சமயம் எதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். எப்படி என்று தெரியவில்லை.

கார்முகில்

நண்பரே, விட்டுவிடாதீர்கள். பயிற்சி தராததற்கு ஆதாரம் இருக்கிறதா? மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் இருந்தால் எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணைத்து அனுப்புங்கள். இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்தார் என்பதை எண்ணிக்கையோடு காட்டினால் அவர்கள் முடிவை மாற்றியாக வேண்டும்.

நீலவானம்

நன்றி. ஆனால் நான் பழைய நிறுவனத்துக்கு எழுதவில்லை. புதிய இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். அங்கே திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

கார்முகில்

மன்னிக்கவும், மேல்முறையீடு என்று நினைத்துவிட்டேன்.

நேர்வழி

என் அனுபவத்தில் சொல்கிறேன். 'பதவி விலகல்' என்று போட்டுவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் விசாரித்தால் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி இந்த மூன்றைத்தான் உறுதிப்படுத்தும். காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். மனது கேட்கவில்லை என்றால் 'மற்றவை' என்று போட்டு 'நேரில் விளக்குகிறேன்' என்று எழுதுங்கள். எழுத்தில் கொடுப்பது எப்போதும் ஆபத்து.

பழைய_பேனா

விண்ணப்பங்களைப் படித்து ஆள் எடுக்கும் வேலையில் பல வருடம் இருக்கிறேன். நேர்வழி சொன்னதில் பாதி சரி. பல நிறுவனங்கள் தேதியையும் பதவியையும் தாண்டி எதுவும் சொல்வதில்லை, உண்மைதான். ஆனால் 'இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?' என்று ஒரு கேள்வி அனுப்பும் இடங்கள் உண்டு. அதற்கு 'இல்லை' என்று ஒரு சொல் வந்தாலே போதும், 'பதவி விலகல்' என்று நீங்கள் போட்டது சந்தேகத்துக்கு வந்துவிடும். படிவத்தின் கடைசியில் 'மேற்கண்டவை உண்மை' என்று கையெழுத்து வாங்குகிறார்களே, அதை மறக்காதீர்கள். அது பொய் என்று பிறகு தெரிந்தால், சேர்ந்து இரண்டு வருடம் ஆன பிறகும் அதையே காரணமாக வைத்து அனுப்ப முடியும். அப்போது நடப்பது முதல் பணிநீக்கத்தைவிடப் பெரியது. முதல்முறை போனது வேலை, இரண்டாம் முறை போவது நம்பிக்கை.

நீங்கள் உண்மையிலேயே விலகல் கடிதம் கொடுத்து, அவர்கள் அதை ஏற்றிருந்தால் 'பதவி விலகல்' சரி. "நீங்களே விலகிவிடுங்கள்" என்று வாய்ப்புக் கொடுத்து, கடிதம் வாங்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அது பொய் இல்லை. உங்களுக்குக் கொடுத்தார்களா?

'மற்றவை' என்பது பட்டியலில் எதுவும் பொருந்தாதவர்களுக்கு. 'பணிநீக்கம்' என்ற சொல் கண் முன்னே இருக்கும்போது 'மற்றவை' போட்டால், படிக்கிறவர் அதைப் பணிநீக்கம் என்றேதான் எடுத்துக்கொள்வார். கூடவே, இவர் சொல்லத் தயங்குகிறார் என்றும் குறித்துக்கொள்வார்.

நீலவானம்

இல்லை, விலகல் கடிதம் எதுவும் கேட்கவில்லை. நேராக நீக்கல் கடிதம்தான் கொடுத்தார்கள்.

பழைய_பேனா

அப்படியானால் பட்டியலில் 'பணிநீக்கம்'. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

அடுத்து விளக்கம். எழுத உட்காரும் முன் அந்த நீக்கல் கடிதத்தை எடுத்து மேசையில் வையுங்கள். மனதில் இருப்பதை வைத்து எழுதாதீர்கள். அதில் இரண்டு விஷயம் பாருங்கள். காரணம் என்று என்ன சொற்களைப் போட்டிருக்கிறார்கள்? பணி முடிந்த தேதி எது? பலர் இங்கே தடுமாறுவார்கள். 12ஆம் தேதிக்குப் பிறகு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், சம்பளம் மாதக் கடைசி வரை கணக்கிட்டிருப்பார்கள். இரண்டில் எதைப் போடுவது என்று தெரியாமல் ஏதோ ஒன்றைப் போடுவார்கள். கடிதத்தில் பணி முடிந்த தேதி என்று எது இருக்கிறதோ அதையே போடுங்கள். விசாரித்தால் வரும் பதில் அதுவாகத்தான் இருக்கும். தேதி பொருந்தாவிட்டால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடு படிப்பார்கள்.

கடிதத்தில் காரணம் என்ன எழுதியிருக்கிறது?

நீலவானம்

"மாத இறுதிக் கணக்கு தொடர்ந்து மூன்று மாதங்கள் குறித்த தேதிக்குள் முடிக்கப்படவில்லை." இவ்வளவுதான். குறித்த தேதி என்பது அடுத்த மாதம் 5ஆம் தேதி. நான் முடித்தது 9, 8, 11.

இளவெயில்

நான் தமிழ் ஆசிரியர், கணக்கு தெரியாது. ஆனால் உங்கள் முதல் வரைவை மூன்று முறை படித்தேன். ஒன்று கவனித்தேன், சொல்லலாமா? நீங்கள் யாரையும் நேராகத் திட்டவில்லை. குறை எல்லாம் சின்னச் சின்னச் சொற்களில் இருக்கிறது.

'திடீரென்று' என்றால் முன்னறிவிப்பு தராதவர்கள் என்று பொருள். 'பயிற்சி கூட' என்பதில் அந்தக் 'கூட' இல்லாவிட்டால் அது வெறும் தகவல். இருப்பதால் அது குற்றச்சாட்டு. 'சொல்லியும்' என்பதில் உள்ள 'உம்' மேலாளர் காது கொடுக்கவில்லை என்கிறது. 'என்று காரணம் காட்டி' இருக்கிறதே, அதுதான் மிகக் கனமானது. அவர்கள் சொன்ன காரணம் உண்மைக் காரணம் இல்லை, சாக்கு என்று சொல்கிறது. 'என்று கூறி', 'எனச் சொல்லப்பட்டது' எல்லாம் அதே வேலையைச் செய்யும். 'நீக்கிவிட்டார்கள்' என்பதிலும் 'விட்டு' ஒரு ஆற்றாமையைச் சேர்க்கிறது.

இந்தச் சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு அதே ஆறு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். பாதிக் கசப்பு போய்விடும்.

பழைய_பேனா

இவ்வளவு காலம் படித்தும் இதை இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. 'காரணம் காட்டி' என்று எழுதினவரைப் பார்த்தவுடன் மனதில் ஏதோ இடிக்கும். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. 'நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்' என்று தோன்றும், அதுதான்.

நேர்வழி

சரி, உண்மையே எழுத வேண்டும் என்றால் நேரடியாகத் தவறை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆள் எடுப்பவர்களுக்கு அது பிடிக்கும். "முழுத் தவறும் என்னுடையது" என்று எழுதினால் பேச்சே முடிந்தது.

நீலவானம்

நேர்வழி சொன்னபடியும், இளவெயில் சொன்னதை மனதில் வைத்தும் மறுபடி எழுதினேன்:

"புதிய மென்பொருள் வந்ததால் வேலை தாமதமானது. என் அலட்சியத்தாலும் போதிய திறமை இல்லாததாலும் கணக்கை நேரத்தில் முடிக்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. அதனால் நிறுவனம் என்னை விடுவித்தது. இனி இப்படி நடக்காது என்று உறுதியளிக்கிறேன்."

எழுதும்போதே மனது கனத்தது. ஆனால் குறை சொல்வதைவிட இது மேல் என்று நினைக்கிறேன்.

பழைய_பேனா

தயவுசெய்து இதை அனுப்பாதீர்கள்.

யாரையும் குறை சொல்லாமல் எழுதுவது என்றால் அந்த 'யாரையும்' என்பதில் நீங்களும் சேர்த்தி. உங்கள் கடிதம் 'அலட்சியம்' என்று சொல்லவில்லை. 'திறமை இல்லை' என்றும் சொல்லவில்லை. தாமதம் என்று மட்டும்தான் சொல்கிறது. உங்களை நீக்கியவர்களே சொல்லாத ஒரு குற்றத்தை நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்கிறீர்கள். கணக்கு வேலையில் தாமதமும் அலட்சியமும் ஒன்றல்ல. தாமதமாக முடிப்பவரின் கணக்கு சரியாக இருக்கலாம். அலட்சியமானவரின் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். படிப்பவர் அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிடுவார்.

பழைய நிறுவனத்தோடு சம்பள பாக்கி, வழக்கு, புகார் என்று ஏதாவது நிலுவையில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எழுதிக் கொடுத்தது பிறகு எங்கே எடுத்துக் காட்டப்படும் என்று சொல்ல முடியாது. அப்படி ஏதும் இருந்தால் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு எழுதுங்கள்.

கடைசி வரியையும் பாருங்கள். 'இனி நடக்காது என்று உறுதியளிக்கிறேன்' என்பதைப் படிப்பவரால் சோதித்துப் பார்க்க முடியாது. அந்த இடத்தில், சோதிக்கக்கூடிய ஒன்றை வைக்க வேண்டும். இந்த ஐந்து மாதத்தில் என்ன செய்தீர்கள்?

இளவெயில்

நான் ஒன்று சேர்க்கிறேன். 'மென்பொருள் வந்ததால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஆல்' போதும், பழி மென்பொருள் மேல் போய்விடும். அதைக் கொண்டுவந்தவர்கள் மேலும் போகும். 'அலட்சியத்தால்' என்பதில் அதே 'ஆல்' உங்கள் மேல் வைக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டு 'மென்பொருளுக்கு மாறிய பின்' என்று எழுதிப் பாருங்கள். 'பின்' காலத்தை மட்டும்தான் சொல்கிறது. எது எப்போது நடந்தது என்று வாசகர் தெரிந்துகொள்கிறார். ஏன் என்பதை அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

நேர்வழி

இது சொல் விளையாட்டு இல்லையா? 'பின்' என்று போட்டாலும் மென்பொருள்தான் காரணம் என்று அவருக்குப் புரியத்தானே போகிறது. மறைமுகமாகக் குறை சொல்வதும் குறைதான்.

இளவெயில்

நியாயமான கேள்வி. மென்பொருள் மாறியது நடந்த விஷயம். அது மாறிய மாதத்திலிருந்துதான் தாமதம் என்பதும் நடந்த விஷயம். நடந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையைக் குறைக்கும். நடந்ததற்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்வது அந்தக் கட்டத்தின் வேலை இல்லை. என்னைக் கேட்டால் 'பின்' போதும். ஆனால் மென்பொருளைச் சொல்லவே வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால், அதையும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

தூறல்

இதைப் படித்துக்கொண்டே வந்தேன். என் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான், கொஞ்சம் வேறு. என்னை வெளியே அனுப்பும்போது ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு தொகை கொடுத்தார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். அதில் 'இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பணி முடிவுக்கு வந்தது' என்று ஒரு வரி இருக்கிறது. உண்மையில் நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டேன். இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரியை எழுதினால் நான் பொய் சொல்வதாகுமா?

பழைய_பேனா

தூறல், அது பொய் ஆகாது. இரண்டு பேரும் கையெழுத்திட்ட காகிதத்தில் உள்ள சொற்கள் அவை. அவற்றை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். அவர்களை விசாரித்தாலும் அதே வரிதான் வரும். மாற்றி எழுதினால்தான் சிக்கல். அந்த மாதிரி ஒப்பந்தங்களில் ஒருவரைப் பற்றி ஒருவர் தவறாகப் பேசக் கூடாது, விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று நிபந்தனை இருப்பது வழக்கம். எழுதும் முன் அதை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். உங்கள் மனதில் இருக்கும் வருத்தம் வேறு விஷயம், அது நியாயமானதாகவே இருக்கலாம். படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

நீலவானம், இந்த வரியை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களிடம் அப்படி ஒரு காகிதம் இல்லை.

நீலவானம்

புரிகிறது. ஐந்து மாதத்தில் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். முதல் மாதம் ஒன்றும் செய்யவில்லை, எழுந்திருக்கவே மனம் இல்லை. பிறகு ஒரு சிறு நிறுவனத்துக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதத் தொடங்கினேன். நான்கு மாதமாகிறது. பழைய இடத்தில் என்ன நடந்தது என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். வங்கிக் கணக்கையும் நம் பதிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை மாதக் கடைசியில் மொத்தமாகச் செய்வேன். பழைய மென்பொருளில் அது ஒரு நாள் வேலை. புதியதில் ஒவ்வொரு பொருந்தாத பதிவையும் தனித்தனியாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது, நான்கு நாள் பிடித்தது. தாமதம் எல்லாம் அங்கேதான். இப்போது அதை வாரம் ஒரு முறை செய்கிறேன். மாதக் கடைசிக்கு என்று மிச்சம் இருப்பது ஒரு வாரத்துப் பதிவுதான். நான்கு மாதமும் 3ஆம் தேதிக்குள் முடித்திருக்கிறேன்.

பழைய_பேனா

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஆள் எடுப்பவர் அந்தக் கட்டத்தைப் படிக்கும்போது அவர் மனதில் ஓடுவது, 'இங்கே வந்தாலும் இது நடக்குமா?' என்பதுதான். 'வாரந்தோறும் ஒப்பிடுகிறேன், நான்கு மாதமும் 3ஆம் தேதி' என்பது அதற்கு நேரான பதில். நேர்காணலில் அவர் துருவிக் கேட்கலாம், அந்தச் சிறு நிறுவனத்தைக் கூப்பிட்டும் கேட்கலாம். எங்கே கேட்டாலும் நிற்கும்.

இன்னொன்று. மாறியது எது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், முன்பு எது சரியில்லாமல் இருந்தது என்பதும் தானாகப் புரிந்துவிடும். 'தவறு என்னுடையது' என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

ஒரு சொல் மட்டும். 'விடுவித்தது' வேண்டாம். தானாக விலகியவருக்கும் 'பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்றுதான் எழுதுகிறார்கள். மேலே 'பணிநீக்கம்' என்று தேர்ந்தெடுத்துவிட்டு, கீழே மென்மையான சொல்லைப் போட்டால் இரண்டும் ஒத்துப்போகாது.

நேர்வழி

அப்படியானால் 'நீக்கப்பட்டேன்' என்றே எழுத வேண்டுமா? அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் ஒதுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். என் தம்பிக்கு அப்படித்தான் நடந்தது. பத்து இடத்தில் அதே சொல்லோடு அனுப்பினான், ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை.

பழைய_பேனா

அது நடக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் 'பணிநீக்கம்' என்று பார்த்தாலே கீழே படிக்காமல் தள்ளிவிடுவார்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும் அதை மாற்ற முடியாது. அதனால்தான், படிவம் கேட்காத இடத்தில் இதை எழுத வேண்டாம் என்று சொல்வேன். தன்விவரக் குறிப்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஏன் விலகினோம் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. தேதி இருந்தால் போதும். விண்ணப்பக் கடிதத்திலும் கேட்காமல் சொல்ல வேண்டாம். கேட்ட இடத்தில் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி விளக்கத்தில் என்ன எழுதியிருந்தார் என்று நினைவிருக்கிறதா?

நேர்வழி

'நிர்வாகத்தோடு கருத்து வேறுபாடு, அதனால் நீக்கப்பட்டேன்' என்று எழுதியிருந்தான்.

பழைய_பேனா

அந்த 'கருத்து வேறுபாடு' பலரும் பாதுகாப்பானது என்று நினைத்து எழுதும் சொல். யாரையும் குறை சொல்லாதது போல இருக்கும். ஆனால் படிப்பவருக்கு அதில் தகவலே இல்லை. சம்பளம் பற்றிய வேறுபாடா, சண்டையா, நேர்மை சம்பந்தப்பட்டதா என்று அவராகவே நிரப்பிக்கொள்வார். பெரும்பாலும் மோசமானதைத்தான் நிரப்புவார். தம்பிக்குப் பதில் வராததற்கு 'நீக்கப்பட்டேன்' காரணமா இதுவா என்று என்னால் சொல்ல முடியாது. நான் படிப்பவனாக இருந்தால் இந்தச் சொல்தான் என்னை நிறுத்தியிருக்கும்.

நேர்வழி

சரி, அவனிடம் சொல்கிறேன். உண்மையில் நடந்தது ஷிஃப்ட் நேரம் பற்றிய பிரச்சினை. அவர்கள் இரவு நேரத்துக்கு மாற்றினார்கள், அவனால் வர முடியவில்லை.

பழைய_பேனா

அதையே எழுதலாமே. 'பணி நேரம் இரவுக்கு மாறியது, அந்த நேரத்தில் என்னால் வர இயலவில்லை, நிறுவனம் பணியை முடிவுக்குக் கொண்டுவந்தது.' இப்போது விண்ணப்பிக்கும் வேலை பகல் நேரம் என்றால் படிப்பவர் மனதில் கேள்வியே எழாது.

நீலவானம்

எல்லோருக்கும் நன்றி. மறுபடி எழுதினேன்:

"புதிய கணக்கு மென்பொருளுக்கு மாறிய பின் மூன்று மாதங்கள் மாத இறுதிக் கணக்கை 5ஆம் தேதிக்குள் என்னால் முடிக்க இயலவில்லை. 14 மாதப் பணிக்குப் பின் நிறுவனம் என் பணியை முடிவுக்குக் கொண்டுவந்தது. இப்போது வங்கிக் கணக்கை மாத இறுதிவரை காத்திராமல் வாரந்தோறும் ஒப்பிடுகிறேன். ஒரு சிறு நிறுவனத்துக்குப் பகுதிநேரமாக எழுதும் கணக்கைக் கடந்த நான்கு மாதமும் 3ஆம் தேதிக்குள் முடித்திருக்கிறேன்."

கட்டத்தில் ஒட்டிப் பார்த்தேன், இடம் மிச்சம் இருக்கிறது. ஒன்று கவனித்தேன். 'கி' என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினி அதை இரண்டாக எண்ணுகிறது. புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு. 500 என்று போட்டிருந்தாலும் நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் எழுத முடியும்.

உடன் வேலை பார்த்தவர் விலகியதையும் பயிற்சியையும் விட்டுவிட்டேன். விட மனம் வரவில்லை, ஆனால் படித்துப் பார்த்தால் அவை இல்லாமலே முழுதாக இருக்கிறது.

இளவெயில்

'இயலவில்லை' என்ற சொல் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. 'முடிக்கவில்லை' என்றால் வேண்டுமென்றே விட்டது போலவும் தோன்றலாம். 'முடிக்க விடவில்லை' என்றால் பிறர் மேல் போகும். இது இரண்டும் இல்லை.

கார்முகில்

விட்டுவிட்ட விவரங்களை அழித்துவிடாதீர்கள். தனியாக ஒரு தாளில் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சம்பள பாக்கியோ வேறு எதுவோ பின்னால் வந்தால் அங்கே அது தேவைப்படும்.

பழைய_பேனா

கார்முகில் சொன்னது சரியான யோசனை. அந்த விவரங்களுக்கு உரிய இடம் அது.

வரைவு நன்றாக இருக்கிறது. இதையே நேர்காணலிலும் சொல்லுங்கள். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்று வரக் கூடாது. அங்கே "பயிற்சி கொடுத்தார்களா?" என்று அவர்களே கேட்டால், "அரை நாளுக்கும் குறைவாக இருந்தது" என்று மட்டும் சொல்லுங்கள். கேட்டதற்குத் தகவல் கொடுப்பது குறை சொல்வது ஆகாது.

நீலவானம்

ஒரு விஷயம் இன்னும் சொல்லவில்லை. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. முதல் எச்சரிக்கைக் கடிதத்தில் வேறு ஒன்றும் இருந்தது. ஒரு சப்ளையருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது. நான்தான் பதிந்தேன். இரண்டு நாளில் நானே கண்டுபிடித்துச் சொன்னேன், பணம் திரும்பி வந்தது. நீக்கல் கடிதத்தில் அது இல்லை. அதையும் எழுத வேண்டுமா?

பழைய_பேனா

கட்டம் கேட்பது விலகிய காரணத்தை. கடிதப்படி காரணம் தாமதம். பணம் இரண்டு முறை போனது காரணமாகச் சொல்லப்படவில்லை. நான் எழுத மாட்டேன். ஆனால் 'எச்சரிக்கை ஏதாவது பெற்றீர்களா?' என்று படிவத்திலோ நேரிலோ கேட்டால் இரண்டையும் சொல்ல வேண்டும். நானே கண்டுபிடித்துச் சொன்னேன் என்பதையும் சொல்லுங்கள், அது நடந்ததுதான்.

இளவெயில்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பணத்தைக் கையாளும் வேலைக்குத்தானே விண்ணப்பிக்கிறார். பிறகு தெரிய வந்தால், 'ஏன் அப்போதே சொல்லவில்லை' என்று கேட்க மாட்டார்களா? ஒரு வரி சேர்த்தால் என்ன? இடம்தான் இருக்கிறதே.

பழைய_பேனா

கேட்கலாம். ஆனால் கேட்காத ஒன்றைக் காரணத்தோடு சேர்த்து எழுதினால், அதுவும் காரணம் என்று ஆகிவிடும். பழைய நிறுவனமே அப்படிச் சொல்லவில்லையே. நான் என் கருத்திலேயே நிற்கிறேன், இளவெயில் சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை. சில துறைகளில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பிறர் பணத்தை நிர்வகிக்கும் வேலை மாதிரி, படிவமே இதைவிட விரிவாகக் கேட்கும். அங்கே கேட்ட ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். உங்கள் படிவத்தை இன்னொரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள், எச்சரிக்கை பற்றி எங்காவது கேள்வி இருக்கிறதா என்று.

நீலவானம்

பார்த்தேன். இல்லை. 'முந்தைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா?' என்று மட்டும் இருக்கிறது. 'ஆம்' போட்டேன்.

பணம் இரண்டு முறை போன விஷயத்தைக் கட்டத்தில் எழுதவில்லை. நேர்காணலுக்குக் கூப்பிட்டால், அவர்கள் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். காலையில் இன்னொரு முறை படித்துவிட்டு அனுப்புகிறேன்.

தூறல்

நானும் என்னுடையதை எழுதிவிட்டேன். ஒப்பந்தத்தில் உள்ள வரி அப்படியே, அதன் கீழே இந்த ஆறு மாதத்தில் செய்த வேலை பற்றி இரண்டு வரி. முதலில் 'வேறு வழியின்றி' என்று தொடங்கியிருந்தேன். இளவெயில் எழுதியதைப் படித்த பிறகு அந்த இரண்டு சொல்லை எடுத்தேன்.